கல்யாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால்: யாரை எப்போது பிடிப்பது, பணம் எப்போது கட்டுவது

கேள்வி: எங்கள் திருமணம் 2027 பிப்ரவரி 20, சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. சுமார் 200 பேர் வருவார்கள். மண்டபம், சாப்பாடு, புகைப்படம், அலங்காரம் எல்லாவற்றையும் எந்த வரிசையில் பேசி முடிப்பது? ஒவ்வொருவருக்கும் எப்போது எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? மாதச் சம்பளத்தில் சேர்த்துத்தான் கட்டப்போகிறோம்.

பதில்:

நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் முறை நல்ல முறைதான், ஆனால் எல்லா வேலைக்கும் அது பொருந்தாது. மண்டபம், புகைப்படக்காரர் போன்றவை ஒரு நாளில் ஒரு நிகழ்ச்சிக்குத்தான் கிடைக்கும். வேறு யாராவது எடுத்துக்கொண்டால் போயிற்று. இவற்றுக்குப் பின்னோக்கி எண்ணிக் கெடு வைப்பதில் பொருள் இல்லை, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பிடிக்க வேண்டும். அழைப்பிதழ், விருந்தினர் எண்ணிக்கை, துணி தைப்பது போன்றவை வேறு வகை. அங்கே ஆள் கிடைப்பது சிக்கலில்லை. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது என்பதுதான் சிக்கல். பின்னோக்கி எண்ண வேண்டியது இவற்றைத்தான்.

முதல் வகையிலும் ஒரு வரிசை உண்டு. மண்டபம்தான் முதலில். எத்தனை பேர் உட்காரலாம், வெளிச் சமையல் குழுவை உள்ளே விடுவார்களா, ஒலிபெருக்கி எத்தனை மணி வரை, அலங்காரக்காரர் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று மற்ற எல்லோருடைய வேலையையும் அதுதான் தீர்மானிக்கிறது. நாள் முடிவாகிவிட்டது என்கிறீர்கள். ஆனால் மண்டபம் எழுத்தில் உறுதி செய்யும் வரை அது உங்கள் வீட்டில் முடிவான நாள் மட்டுமே. அதற்கு முன் வேறு யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பல மண்டபங்கள் சில நாட்களுக்குப் பணம் வாங்காமலே தேதியை உங்கள் பெயரில் நிறுத்தி வைப்பார்கள். கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், அந்தச் சில நாட்களுக்குள் உங்களுக்குப் பிடித்த புகைப்படக்காரருக்கும் சமையல் குழுவுக்கும் அன்று வேறு வேலை இல்லையா என்று விசாரித்துவிட்டு, எல்லாம் ஒத்துவந்தால் அதே வாரத்தில் மூன்று பேரிடமும் ஒப்பந்தம் போட்டுவிடலாம்.

அலங்காரக்காரரிடம் பேசும் முன் மண்டபத்தில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும்? சடங்கு காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 9 மணிக்கு விருந்தினர் வரத் தொடங்குவார்கள், அதற்கு முன் ஒரு மணி நேரம் சுத்தம் செய்யவும் படம் எடுக்கவும் வேண்டும். ஆக அலங்காரம் 8 மணிக்கு முடிந்திருக்க வேண்டும். வேலை ஆறு மணி நேரம் பிடிக்குமென்றால் அதிகாலை 2 மணிக்குத் தொடங்க வேண்டும். மண்டபம் காலை 6 மணிக்குத்தான் திறக்குமென்றால், முந்தின நாள் மாலையையும் சேர்த்து வாடகைக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் அலங்காரத்தைச் சுருக்க வேண்டும். இது மே மாதத்தில் தெரிந்தால் பேரம் பேசலாம். பிப்ரவரியில் தெரிந்தால் அவர்கள் சொன்னதுதான் விலை.

இப்போது பின்னோக்கி எண்ண வேண்டிய சங்கிலிக்கு வருவோம். பெரும்பாலோர் இதை அழைப்பிதழிலிருந்து தொடங்குகிறார்கள். சமையல் குழு எந்தத் தேதியில் கடைசி எண்ணிக்கையைக் கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. பொதுவாக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் முன்பு கேட்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பத்து நாள் என்று இருந்தால் அது பிப்ரவரி 10, புதன். அன்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டலாம், குறைக்க முடியாது என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிலை.

அந்த எண்ணைச் சொல்ல விருந்தினர் பதில் வந்திருக்க வேண்டும். பதிலுக்கான கெடுவைப் பிப்ரவரி 9 என்று வைக்க முடியாது, ஏனென்றால் கெடுவுக்குள் எல்லோரும் பதில் சொல்வதே இல்லை. சொல்லாதவர்கள் வரமாட்டார்கள் என்றும் அர்த்தமில்லை, பாதிப் பேர் "நாங்கள் வராமலா? அதற்கெல்லாம் பதில் வேறு போட வேண்டுமா?" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தொலைபேசியில் பிடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். ஆகவே பதில் கெடு ஜனவரி 27. மறுநாளே பட்டியலை இரு வீட்டாருக்கும் பிரித்துக் கொடுத்து, அவரவர் ஆட்களை அவரவர் அழைக்கட்டும்.

பதில் சொல்ல ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுக்க வேண்டும். எட்டு வாரம் முன்பு அனுப்பலாம் என்று எண்ணினால் டிசம்பர் 26 வருகிறது. ஆண்டு முடிவில் அஞ்சலும் தாமதமாகும், மக்களும் ஊரில் இருக்க மாட்டார்கள். அதனால் பத்து வாரம் என்று வைத்து டிசம்பர் 12-க்கு நகர்த்துங்கள். அச்சிட, பிழை பார்க்க, உறையில் முகவரி எழுத நான்கு வாரம் வேண்டும். எனவே அழைப்பிதழின் வாசகம் நவம்பர் 14-க்குள் முடிவாக வேண்டும். யார் யாருக்கு என்ற பட்டியல் அதற்கும் இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 31-க்குள். இந்தப் பட்டியல்தான் உண்மையில் நேரத்தைத் தின்னும். இரு வீட்டிலும் உட்கார்ந்து பெயர்களைச் சேர்ப்பதும் அடிப்பதும் ஒரே மாலையில் முடியாது. செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

வெளியூரில் இருந்து பயணம் செய்து வருபவர்களுக்கு டிசம்பர் மிகத் தாமதம். மண்டபம் உறுதியான மறுநாளே தேதியையும் ஊரையும் மட்டும் சொல்லி ஒரு சின்னச் செய்தி அனுப்பிவிடுங்கள். அழகாக வடிவமைக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையில் இன்னொரு விஷயம். ஜூன் மாதம் சமையல் குழுவிடம் ஒப்பந்தம் போடும்போது அவர்கள் ஒரு குறைந்தபட்ச எண்ணை எழுதச் சொல்வார்கள். அதற்குக் கீழே எத்தனை பேர் வந்தாலும் அந்த எண்ணுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். 200 பேர் வருவார்கள் என்று நீங்கள் நினைத்தாலும் அங்கே 200 என்று எழுதாதீர்கள். 160 அல்லது 170 என்று எழுதிவிட்டுப் பிப்ரவரியில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு வரை கூட்டலாம் என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கடைசி எண்ணில் படம் எடுப்பவர்கள், இசைக்குழு, ஓட்டுநர்கள் போன்றோரையும் சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் இப்படியே விட்டுப்போவது வழக்கம்.

துணிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி அளவு சரிபார்ப்பு பிப்ரவரி 6-க்குள் முடிய வேண்டும், தைக்கக் கொடுப்பதை நவம்பருக்குத் தள்ளாமல் இருந்தால் போதும். சட்டப்படியான பதிவில் மட்டும் கவனம் தேவை. பல இடங்களில் திருமணத்துக்குச் சில வாரம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கிடைத்த அனுமதி குறிப்பிட்ட காலத்துக்குள் காலாவதியும் ஆகும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஆறு மாதம் முன்பே போனால் மறுபடி போக வேண்டிவரலாம். உங்கள் பதிவு அலுவலகத்தில் எவ்வளவு முன்னால், எவ்வளவு நாள் செல்லும் என்ற இரண்டையும் கேட்டு, நாட்காட்டியில் முதல் நாளும் கடைசி நாளும் குறியுங்கள்.

சரி, பணம். மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தொகையை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு 35, மண்டபம் 30, புகைப்படமும் வீடியோவும் 12, அலங்காரம் 10, இசை 5, துணியும் அழைப்பிதழும் 8 என்று இருக்கட்டும். இது எடுத்துக்காட்டுதான், ஒவ்வொரு வீட்டிலும் மாறும். ஆனால் பணம் போகும் காலம் பெரிதாக மாறாது.

முன்பதிவு செய்யும்போது மண்டபத்துக்கு 10 பங்கு மே மாதத்தில் போகிறது. ஜூனில் சாப்பாட்டுக்கு 7, புகைப்படக்காரருக்கு 4. ஆகஸ்டுக்குள் அலங்காரத்துக்கு 3, இசைக்கு 1. ஆக முதல் நான்கு மாதத்தில் 25. அக்டோபர் வரை துணிக்கு 5. நவம்பர் 20-ல் மண்டபத்தின் இரண்டாம் தவணை 10, டிசம்பருக்குள் அழைப்பிதழும் மற்ற சில்லறையும் 3. ஆண்டு முடிவில் 43 பங்குதான் கட்டியிருப்பீர்கள்.

அடுத்து ஜனவரி 21-ல் மண்டபத்தின் கடைசித் தவணை 10. பிப்ரவரி 6-ல் அலங்காரத்தின் பாக்கி 7, புகைப்படக்காரருக்கு இன்னொரு 6. பிப்ரவரி 13-ல் சாப்பாட்டின் பாக்கி 28. கல்யாணத்தன்று இசைக்குழுவுக்கு 4. படங்கள் கைக்கு வந்த பிறகு புகைப்படக்காரருக்கு மிச்சம் 2. கடைசி ஒரு மாதத்தில் 55 பங்கு போகிறது, அதிலும் 45 கடைசி இரண்டு வாரத்தில்.

மே முதல் ஜனவரி வரை ஒன்பது மாதம், மாதம் 11 பங்கு சேர்த்தால் 99 வரும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்டோபர் முடிவில் நிலைமையைப் பாருங்கள்: 66 சேர்த்திருப்பீர்கள், 30 கட்டியிருப்பீர்கள், கையில் 36 பங்கு இருக்கும். முக்கியமானவர்கள் எல்லோருக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று, இவ்வளவு மிச்சமும் இருக்கிறது என்று தோன்றும். இன்னும் நல்ல மேடை அலங்காரம், கூடுதலாக ஒரு வீடியோ கேமரா என்று ஆசை வருவது இந்த மாதத்தில்தான். உண்மையில் அந்த 36 முழுவதும் பிப்ரவரிக்குப் பேசி வைத்த பணம். இதை விடாமல் நடத்திப் பார்த்தால், பிப்ரவரி 13-ல் சாப்பாட்டுப் பாக்கியைக் கட்டியதும் கையில் 5 பங்கு இருக்கும், இசைக்குழுவுக்குக் கொடுத்ததும் 1 மிஞ்சும். இப்போது எண்ணிக்கை 200-லிருந்து 220 ஆனால் சாப்பாட்டுச் செலவு மட்டும் மூன்றரைப் பங்கு கூடும். இசைக்குழுவுக்குக் கொடுக்கப் பணம் போதாது.

ஆகவே ஒன்று, மொத்தத்தை 92 பங்குக்குள் அடக்கி 8 பங்கைத் தொடாமல் வையுங்கள். அல்லது மாதச் சேமிப்பைக் கூட்டுங்கள். எனக்குக் கேட்டால் முதலாவதுதான். கல்யாணப் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்துத் தனி வங்கிக் கணக்கில் போடுவது இன்னும் நல்லது. அங்கேயும் இருப்பை மட்டும் பார்க்காதீர்கள், 'இன்னும் கட்ட வேண்டியது' என்ற தொகையை அதன் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். விலைப்பட்டியலில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். 35 என்று நினைத்தது 40 ஆவது பெரும்பாலும் இங்கேதான்.

கெடு தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கல்யாணம் சனிக்கிழமை. அதனால் 7 நாள் முன்பு, 14 நாள் முன்பு, 28 நாள் முன்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதெல்லாம் சனிக்கிழமையில்தான் விழும். அன்று அனுப்பும் பணம் சில வங்கிகளில் திங்கள்கிழமைதான் போய்ச் சேரும். அதனால் உங்கள் நாட்காட்டியில் இரண்டு நாள் முன்னதாக, வியாழக்கிழமையையே கெடுவாக எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரி 6 என்பது பிப்ரவரி 4, பிப்ரவரி 13 என்பது பிப்ரவரி 11. ஒரு நாளில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று உங்கள் கணக்குக்கு உச்சவரம்பு இருக்கலாம். புதிதாகச் சேர்த்த பெறுநருக்கு முதல் நாளில் பெரிய தொகை போகாமலும் இருக்கலாம். சாப்பாட்டின் 28 பங்கு ஒரே தடவையில் போகுமா என்று ஜனவரியிலேயே பார்த்து, ஒரு சிறு தொகையை அனுப்பிச் சோதித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் அவர்களை அழைத்துக் கேட்காமல் அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்கள் காத்திருப்பது இப்படிப்பட்ட வாரத்துக்குத்தான்.

நாள் எண்ணுவதிலும் தகராறு வரும். நவம்பர் தவணையை 'மூன்று மாதம் முன்பு' என்று எழுதினால் அது நவம்பர் 20. '90 நாள் முன்பு' என்றால் நவம்பர் 22, ஞாயிறு. இரண்டு நாள்தானே என்று விட முடியாது, ஏனென்றால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் அதே நாளில்தான் மாறுகிறது. அதற்கு முன் ரத்து செய்தால் பாதி கிடைக்கும், பிறகு செய்தால் ஒன்றும் கிடைக்காது என்று இருக்கலாம். ஒப்பந்தத்தில் நாள் கணக்குக்குப் பதிலாக தேதியையே எழுதச் சொல்லுங்கள். நாட்காட்டியில் பணம் கட்டும் தேதியை ஒரு நிறத்திலும், திரும்பக் கிடைக்கும் தொகை குறையும் தேதியை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். இரண்டாவதற்கு ஒரு வாரம் முன்பு, இந்த ஆளோடுதான் தொடர்கிறோமா என்று வீட்டில் ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள அதுதான் கடைசி மலிவான சந்தர்ப்பம்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்? முன்பணம் வாங்கியவர் ரசீது தராமல் இழுத்தால். புகைப்படக்காரரிடம் 'அன்று யார் வருவார்கள்?' என்று கேட்டால் 'எங்கள் குழுவிலிருந்து ஒருவர்' என்று மட்டும் பதில் வந்தால். தவணைக் கெடுவுக்கு முன்பே 'கொஞ்சம் முன்னாடி தர முடியுமா?' என்று கேட்டால். கடைசியாகச் சொன்னது தொழிலில் பணமுடை இருப்பதற்கான அடையாளம். முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்தால் தள்ளுபடி என்பதும் சில சமயம் அதே வகைதான். தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், செய்து முடிக்காத வேலைக்கு முழுப் பணம் கொடுக்க வேண்டாம். படங்களுக்காக நாம் நிறுத்தி வைத்த அந்த 2 பங்கு சிறியதுதான், ஆனால் ஆல்பம் எப்போது வரும் என்று கேட்க உங்களுக்கு உரிமை கொடுப்பது அதுதான். ஒப்பந்தத்தில் படம் தர வேண்டிய தேதியையும் எழுதிவிடுங்கள்.

கல்யாணத்தன்று கொடுக்க வேண்டிய பணத்தை நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டாம். ஆள்வாரியாக உறையில் போட்டு, மேலே பெயரும் தொகையும் எழுதி, மேடை ஏறாத ஓர் உறவினரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். கொடுத்ததும் கையெழுத்து வாங்க ஒரு தாளும் அவரிடம் இருக்கட்டும். நேரம் நீண்டால் இசைக்குழுவுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் கூடுதல் மணிக்கு எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால், அவர் உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.

மண்டபத்தில் வாடகையைத் தவிர சேதத்துக்கென்று ஒரு வைப்புத்தொகை வாங்குவார்கள். அது நான் போட்ட 100 பங்கில் இல்லை, தனியாக எடுத்து வைக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவார்கள் என்று கேட்டு நாட்காட்டியில் பிப்ரவரி 20-க்கு அப்பால் எழுதுங்கள். சாவியை ஒப்படைக்கும் முன் மண்டபத்தையும் சமையலறையையும் தேதி விழும்படி கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த உறவினரிடமே.